டாலர் ஏறியது சரி, கைக்கு வந்தது எவ்வளவு?

2014 மார்ச் 31 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட குறிப்பு விலைப்படி ஒரு அமெரிக்க டாலர் சுமார் ரூ.60.10. பத்து ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் முடிவில், அதே டாலர் சுமார் ரூ.83.37. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாருக்கும், வெளிநாட்டிலேயே பணத்தை விட்டுவைத்தவர் கெட்டிக்காரர் என்றுதான் தோன்றும். 2024இல் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்களின் பேச்சில் இது அடிக்கடி அடிபட்டது: “அப்பவே ஊருக்கு அனுப்பியிருந்தா அறுபது ரூபாதான் மச்சான், இப்ப எண்பத்து மூணு!”

அந்தப் பெருமிதம் நியாயமானதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துபாயில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்து ஃபோர்மேன் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2014 மார்ச் கடைசியில் அவர் கையில் 50,000 திர்ஹாம் சேமிப்பு இருக்கிறது. அதை ஊருக்கு அனுப்பாமல் அங்குள்ள வங்கியிலேயே டெபாசிட்டாகப் போடுகிறார்.

திர்ஹாம் என்றாலும் இது டாலர் கணக்குதான். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று ஐக்கிய அரபு அமீரகம் நிலையாகக் கட்டி வைத்திருக்கிறது. சவுதி ரியாலும் அப்படியே, டாலருக்கு 3.75. அதனால் வளைகுடாவில் சேமிப்பவர்களில் பெரும்பாலோர், டாலர் நோட்டைக் கண்ணால் பார்த்திராவிட்டாலும், டாலரில்தான் சேமிக்கிறார்கள். 2014 மார்ச்சில் ஒரு திர்ஹாம் ரூ.16.36, 2024 மார்ச்சில் ரூ.22.70.

அடுத்தது வட்டி. அந்தப் பத்தாண்டில் டாலர் வட்டி ஒரே நிலையில் இருக்கவில்லை. அமெரிக்க மத்திய வங்கி 2015 டிசம்பர் வரை வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டியே வைத்திருந்தது. 2018 முடிவில் அது 2.5 சதவீதம் வரை உயர்ந்தது, 2020இல் கொரோனாவோடு மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கியது, 2023இல் 5 சதவீதத்தைத் தாண்டியது. டாலரோடு கட்டப்பட்ட நாணயம் என்பதால் அமீரகத்தின் வட்டியும் இதன் பின்னாலேயே போகும். ஒட்டுமொத்தமாக ஆண்டுக்கு 2 சதவீதம் கூட்டுவட்டி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம்.

பத்தாண்டு முடிவில் 50,000 திர்ஹாம் 60,950 ஆகியிருக்கும். அதை ரூ.22.70ஆல் பெருக்கினால் சுமார் 13 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய். 2014இல் அதே பணத்தின் ரூபாய் மதிப்பு 8 லட்சத்து 18 ஆயிரம். மொத்த வளர்ச்சி 69 சதவீதம்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. 69 சதவீதத்தைப் பத்தால் வகுத்து, “வருஷத்துக்கு ஏழு பர்சன்ட் கிட்ட வந்திருக்கே” என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் கூட்டுவட்டி அப்படி வகுபடாது. எட்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் பத்து ஆண்டில் பதிமூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரம் ஆக, ஆண்டுக்கு 5.4 சதவீதம் போதும். ஏழு சதவீதம் உண்மையிலேயே கிடைத்திருந்தால் மொத்த வளர்ச்சி 97 சதவீதமாக இருந்திருக்கும்; ஏறத்தாழ இரட்டிப்பு.

இன்னொரு பிழை எதிர்த்திசையில் வரும். டாலர் ஏற்றம் 38.7 சதவீதம், வட்டி மொத்தம் 21.9 சதவீதம், இரண்டையும் கூட்டினால் 60.6 என்று சிலர் நிறுத்திவிடுவார்கள். வட்டியாக வந்த திர்ஹாமும் பழைய விலைக்கு அல்ல, 22.70க்குத்தான் மாற்றப்படுகிறது. அதனால் இரண்டு வளர்ச்சியையும் பெருக்க வேண்டும்: 1.387 × 1.219 = 1.691. கணினியில் எக்செல் வைத்திருப்பவர்கள் ஆண்டு விகிதத்தை ஒரே வரியில் எடுத்துவிடலாம்:

```
=(1+0.02)*(83.37/60.10)^(1/10)-1
```

விடை 0.0539 என்று வரும். நடுவில் உள்ள பகுதியை மட்டும் தனியாகப் பார்த்தால் டாலரின் ஏற்றம் ஆண்டுக்கு 3.3 சதவீதம் என்று தெரியும். அறுபதிலிருந்து எண்பத்து மூன்று என்ற பாய்ச்சல், ஆண்டுக் கணக்கில் சுருங்கும்போது இவ்வளவுதான்.

5.4 சதவீதம் நல்லதா கெட்டதா என்பது, அதே நாளில் அதே பணத்துக்கு இருந்த மாற்றுவழியைப் பொறுத்தது. நம் ஃபோர்மேனுக்கு இருந்த மாற்றுவழி என்ஆர்இ வைப்பு. வெளிநாட்டில் வாழ்பவர் சம்பாதித்த பணத்தை இந்திய வங்கியில் ரூபாயாகப் போட்டு, அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லக்கூடிய கணக்கு அது. வெளிநாட்டுவாசியாக இருக்கும்வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. 2014இல் இந்த வைப்புகளுக்கு வங்கிகள் 8 சதவீதத்துக்கு மேல் கொடுத்தன. பிறகு வட்டி படிப்படியாக இறங்கியது. இறக்கத்தையும் சேர்த்து, பத்தாண்டுச் சராசரியாக 7 சதவீதம் என்று அடக்கமாகவே எடுத்துக்கொள்ளலாம். 8 லட்சத்து 18 ஆயிரம் 16 லட்சத்து 10 ஆயிரம் ஆகியிருக்கும். துபாய் டெபாசிட்டைவிட இரண்டே கால் லட்சம் அதிகம்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் இன்னும் பயனுள்ள எண் ஒன்று கிடைக்கும். 60,950 திர்ஹாமும் 16 லட்சத்து 10 ஆயிரம் ரூபாயும் சமமாக வேண்டுமானால் 2024 மார்ச்சில் ஒரு திர்ஹாம் ரூ.26.41 இருந்திருக்க வேண்டும். டாலரில் சொன்னால் ரூ.97. டாலர் 83க்கு வந்ததால் வெளிநாட்டு டெபாசிட் ஜெயித்துவிட்டது என்று நினைத்தவர் ஜெயிக்க, டாலர் 97ஐத் தொட்டிருக்க வேண்டும். இதைச் சமநிலை விலை என்று வைத்துக்கொள்ளலாம். டெபாசிட் போடும் நாளிலேயே இதைக் கணக்கிட முடியும் என்பதுதான் இதன் அருமை.

இந்தியாவில் வட்டி அதிகமாகவும் டாலருக்குக் குறைவாகவும் இருப்பது தற்செயல் அல்ல. அந்தப் பத்தாண்டில் இந்திய நுகர்வோர் விலைகள் ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்தை ஒட்டி ஏறின. அமெரிக்காவில் 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. விலைவாசி வேகமாக ஏறும் நாட்டின் நாணயம் நீண்ட காலத்தில் தேயும். அந்தத் தேய்வை எதிர்பார்த்தே அந்த நாட்டு வட்டியும் உயரமாக இருக்கும். வங்கிகள் எதிர்காலத் தேதிக்கு டாலர் விற்கும்போது இன்றைய விலையைவிடக் கூடுதலாகக் கேட்பதும் இந்த வட்டி வித்தியாசத்தை வைத்துத்தான். ஆக, டாலர் ஏறும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஓரளவு ஏற்றம் ரூபாய் வட்டியிலேயே ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. வெளிநாட்டு டெபாசிட்காரருக்குக் கூடுதல் லாபம் வர, டாலர் ஏறினால் மட்டும் போதாது. வட்டி வித்தியாசத்தைவிட வேகமாக ஏற வேண்டும்.

அது அவ்வப்போது நடக்கவும் செய்கிறது. 2008 மார்ச் முடிவில் டாலர் ரூ.40க்கு ஒரு மூன்று பைசா குறைவு. ஐந்தே ஆண்டில், 2013 மார்ச்சில், ரூ.54.39. உலக நிதி நெருக்கடியும், பிறகு இந்தியாவின் பணவீக்கமும் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையும் சேர்ந்து ரூபாயை இறக்கிய காலம் அது. ஏற்றம் ஆண்டுக்கு 6.4 சதவீதம். இதோடு 2 சதவீத டாலர் வட்டி சேர்ந்திருந்தால் ரூபாய்க் கணக்கில் ஆண்டுக்கு எட்டரை சதவீதம் வந்திருக்கும். அந்த ஐந்தாண்டின் பெரும்பகுதியில் என்ஆர்இ வைப்பு இதற்குப் போட்டியாகவும் இல்லை. காரணம், அதன் வட்டிக்கு ரிசர்வ் வங்கி ஒரு உச்சவரம்பு வைத்திருந்தது. லண்டன் வங்கிகளுக்கிடையேயான வட்டியோடு கட்டப்பட்ட வரம்பு. 2011 டிசம்பரில்தான் அது நீக்கப்பட்டது. அதற்கு முன் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு தலைமுறை “பணத்தை அங்கேயே வைத்திருந்தது நல்லதாப் போச்சு” என்று சொல்வதில் பொய்யில்லை. அவர்களுடைய அனுபவத்தை அப்படியே 2014க்குப் பிறகு பொருத்தியதுதான் தவறு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2003 மார்ச்சில் டாலர் சுமார் ரூ.47.50; மேலே சொன்னபடி 2008 மார்ச்சில் ரூ.39.97. ஐந்து ஆண்டுகளில் ஒட்டுமொத்தமாக ரூபாய் வலுத்தது. 2003இல் 10,000 டாலரை, அதாவது 4 லட்சத்து 75 ஆயிரம் ரூபாயை, 3 சதவீத வட்டிக்கு வெளிநாட்டில் போட்டவருக்கு ஐந்தாண்டு முடிவில் 11,593 டாலர் கிடைத்திருக்கும். ரூபாயில் 4 லட்சத்து 63 ஆயிரம். வட்டியையும் சேர்த்தே அசலைவிடக் குறைவு. டாலர் என்றால் ஏறத்தான் செய்யும் என்று நம்புகிறவர்கள் இந்த ஐந்தாண்டை மறந்துவிடுகிறார்கள்.

தொடங்கும் நாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2013 ஆகஸ்ட் நல்ல சாட்சி. அமெரிக்க மத்திய வங்கி பணப்புழக்கத்தைக் குறைக்கப் போகிறது என்ற செய்தியில் உலகமெங்கும் டாலருக்கு ஓட்டம் பிடித்தது. ஆகஸ்ட் 28 அன்று டாலர் ரூ.68.80ஐ எட்டியது. இன்னும் ஏறும் என்று அன்று அனுப்பாமல் வைத்துக்கொண்டவருக்கு என்ன ஆயிற்று? மூன்று ஆண்டு கழித்து, 2016 ஆகஸ்ட் கடைசியில், டாலர் சுமார் ரூ.67. நடுவில் இந்திய வங்கிகள் ரூபாய்க்கு எட்டரை, ஒன்பது சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தன. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் ரூபாயின் வீழ்ச்சி வரும் நாள், பெரும்பாலும் டாலரைக் கையிலெடுக்கும் நாள் அல்ல, மாற்றும் நாள்.

இதுவரை பார்த்தது டாலரும் அதன் நிழல் நாணயங்களும். லண்டனில் இருப்பவருக்குக் கதை வேறு. 2014 மார்ச் முடிவில் ஒரு பவுண்டு சுமார் ரூ.100. 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற பிரிட்டன் வாக்களித்ததும் அது சரிந்தது. 2017 மார்ச்சில் ரூ.81. 2024 மார்ச்சில் ரூ.105. பத்து ஆண்டில் ரூபாய்க்கு எதிராகப் பவுண்டின் மொத்த ஏற்றமே ஐந்து சதவீதம்தான். ஆண்டுக்கு அரை சதவீதம். ஜப்பானில் வேலை பார்த்து யென்னில் சேமித்தவருக்கு அதுவும் இல்லை: 100 யென் அதே பத்தாண்டில் சுமார் ரூ.59இலிருந்து ரூ.55க்கு இறங்கியது. சிங்கப்பூர் டாலர் இடைப்பட்ட நிலை. சுமார் 48இலிருந்து 62, ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்குச் சற்று மேல். “வெளிநாட்டுப் பணம்” என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது எவ்வளவு பிழையானது என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

இனி, உண்மையில் மாற்றும் நாள். கைபேசியில் தேடினால் வரும் விலை, வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைகளின் நடு எண். வாடிக்கையாளருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவான டிடி வாங்கும் விலை, அதாவது தந்தி மாற்றுக்கான விலை. தந்தி ஒழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆனாலும் வங்கிப் பலகையில் அந்தப் பெயர் ஒழியவில்லை. டாலருக்கு ஐம்பது பைசா வித்தியாசம் என்று வைத்தால், நம் ஃபோர்மேனின் 60,950 திர்ஹாமுக்கு, அதாவது 16,600 டாலருக்கு, ரூ.8,300 குறையும். மாற்றிய தொகையின் ஒரு சிறு பகுதிக்கு ஜிஎஸ்டியும் உண்டு. இந்தத் தொகைக்கு அது ஆயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டும். நடுவில் வேறு வங்கி வழியாகப் பணம் வந்தால் அதற்கும் கட்டணம் பிடிப்பார்கள்.

பத்தாண்டு டெபாசிட்டில் இந்த ஐம்பது பைசா கண்ணில் படாது. ஓராண்டு டெபாசிட்டில் நிலைமை மாறும். 83 ரூபாயில் ஐம்பது பைசா என்பது 0.6 சதவீதம், அந்த ஆண்டு கிடைத்த வட்டியே 2 சதவீதம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு மாற்றும் கவுன்ட்டரிலேயே போய்விடும். அதனால் கணக்கின் கடைசி எண்ணாக வங்கி உண்மையில் கொடுத்த ரூபாயைத்தான் எழுத வேண்டும். வங்கி தரும் சீட்டில் மாற்று விலையும் பிடித்தங்களும் தனித்தனியே இருக்கும். இரண்டையும் பார்த்தால்தான் எங்கே எவ்வளவு போனது என்பது தெரியும். “கமிஷன் இல்லை” என்று விளம்பரம் செய்பவர்கள் விலையிலேயே எடுத்துக்கொள்வது சாதாரணம்.

ஊருக்கே திரும்பிவிட்டவருக்குக் கணக்கு இன்னொரு முறை புரளும். வெளிநாட்டில் வாழ்ந்தபோது சம்பாதித்த பணத்தை அங்கேயே டெபாசிட்டாக வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. திரும்பிவிட்டதற்காகக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திரும்பிய முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பலருக்கும் வெளிநாட்டு வட்டிக்கு வரிவிலக்கான இடைநிலைத் தகுதி கிடைக்கும். அது முடிந்து முழுமையான இந்தியவாசி ஆனதும், வெளிநாட்டு வட்டிக்கும் இங்கே வரி. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கென இருக்கும் பட்டியலில் அந்தக் கணக்கைக் காட்டவும் வேண்டும். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் குறுக்கே வரலாம்.

வட்டியை எந்த விலையில் ரூபாயாக்குவது என்பதற்கும் விதி இருக்கிறது. வெளிநாட்டு வங்கி டெபாசிட் வட்டிக்கு, நிதியாண்டு முடியும் மார்ச் 31 அன்று பாரத ஸ்டேட் வங்கியின் டிடி வாங்கும் விலைதான் கணக்கு. 60,950 திர்ஹாமுக்கு 2 சதவீதம் என்றால் 1,219 திர்ஹாம், ரூ.22.70 என்று வைத்தால் சுமார் ரூ.27,700. ஆண்டுதோறும் வரிக் கணக்கில் சேரும் வட்டி அவ்வளவே. அந்த ஆண்டில் அசலின் ரூபாய் மதிப்பு ஏறியது அதில் வராது. அதே 13 லட்சத்து 84 ஆயிரம் இந்தியாவில் 7 சதவீத வைப்பில் இருந்தால், ரூ.96,900 வட்டி முழுவதும் வரிக் கணக்கில் ஏறும். திரும்பியவருக்கு என்ஆர்இ விலக்கும் கிடையாது. ஆக, துபாயில் இருக்கும்போது தோற்ற டெபாசிட், ஊருக்கு வந்த பிறகு வரி கழித்த கணக்கில் அவ்வளவு மோசமாகத் தெரியாமல் போகலாம். அசலைக் கடைசியில் மாற்றும்போது வரும் மாற்று லாபத்தைப் பற்றி ஆடிட்டர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. பெரிய தொகை என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுவது உத்தமம்.

நம் ஃபோர்மேன் ஒரே நாளில் 50,000 திர்ஹாம் போட்டார். நிஜத்தில் யாரும் அப்படிப் போடுவதில்லை. மாதாமாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்றுதான் சேரும். ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அந்த மாதத்து விலைதான் தொடக்க விலை. முதல் மாத விலையை எல்லாவற்றுக்கும் வைத்துக் கணக்கிட்டால் லாபம் ஊதிப் பெருக்கும். இதற்கு எக்செலில் XIRR என்ற வாய்ப்பாடு இருக்கிறது. ஒரு நெடுவரிசையில் போட்ட தேதிகள், பக்கத்தில் அன்றைய விலைப்படி ரூபாய்த் தொகை கழித்தல் குறியோடு, கடைசி வரியில் கையில் வந்த ரூபாய். ஆண்டு விகிதத்தை அதுவே சொல்லிவிடும். பிள்ளையை அமெரிக்காவில் படிக்கவைக்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. கட்டணம் டாலரில் என்றால் சேமிப்பும் டாலரில் இருப்பது பொருத்தம். நடுவில் ரூபாயாக்கிப் பார்ப்பது வீண்.

மற்றவர்களுக்கு, அடுத்த டெபாசிட்டைப் போடும் முன் சமநிலை விலையைக் கணக்கிடும் வழி இது. டாலர் ரூ.85, வெளிநாட்டு வங்கி 4 சதவீதம் தருகிறது, என்ஆர்இ வைப்புக்கு 6.5 சதவீதம், காலம் ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 1.065ஐ 1.04ஆல் வகுத்து, அதை ஐந்து முறை பெருக்கி, 85ஆல் பெருக்க வேண்டும். வருவது ரூ.95.70. ஐந்தாண்டு முடிவில் டாலர் அதைத் தாண்டினால் வெளிநாட்டு டெபாசிட், தாண்டாவிட்டால் என்ஆர்இ. 2014க்குப் பிந்தைய பத்தாண்டின் வேகத்திலேயே ஏறினால் டாலர் அப்போது நூறு ரூபாயை எட்டியிருக்கும். 2008க்குப் பிறகு ஓடிய வேகத்தில் 115ஐத் தாண்டியிருக்கும். 2003க்குப் பிறகு நடந்தது திரும்ப நடந்தால் 72ஐக்கூடத் தொட்டிருக்காது.